கூடுகிற எடை, கரைகிற உடம்பு

அந்தப் பெண்ணுக்கு வயது 34. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஒன்றரை வருடத்தில் 56 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்துவிட்டார். முகம் உருண்டு, கன்னம் உப்பி, பிடரியில் ஒரு சதைத் திரட்சி. வயிறு முன்னால் தள்ளியது. “நாள் பூரா உட்கார்ந்தே தைக்கிறே, கொஞ்சம் நடக்கணும்மா” என்றார் மாமியார். நடந்தார். இரவுச் சோற்றை விட்டு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினார். எடை குறையவில்லை.

தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. மாதவிலக்கு தள்ளிப்போனதாலும் மோவாயில் முடி வந்ததாலும் பிசிஓடி என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பிபி 160/100 காட்டியது, அதற்கு ஒரு மாத்திரை. அடுத்து சர்க்கரை, அதற்கும் ஒரு மாத்திரை. நாலு பிரச்சினைக்கு நாலு மருத்துவர்கள், நாலு சீட்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று.

கடைசியில் பார்த்த மருத்துவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. “தரையில குத்துக்காலிட்டு உட்காருங்கம்மா. இப்ப கையை ஊன்றாம எழுந்திருங்க” என்றார். அவரால் எழ முடியவில்லை. “கோலம் போட உட்கார்ந்தா ஆறு மாசமா இப்படித்தான் டாக்டர், சுவரைப் பிடிச்சுத்தான் எழுந்திரிக்கிறேன். உடம்பு கனத்துப் போச்சுன்னு நினைச்சேன்” என்றார். மருத்துவர் அவருடைய வயிற்றைப் பார்த்தார். தோலில் விரல் அகலத்துக்கு நாவல்பழ நிறக் கோடுகள். முன்கையில் எங்கு இடித்தது என்றே நினைவில்லாத கன்றிய திட்டுகள். அன்றைக்கே நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: குஷிங் நோய்க்குறி.

இவர் ஒரு தனி நபரல்ல. இந்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணும் விவரங்களை ஒருவர் கதையாகச் சேர்த்திருக்கிறேன். உடலே அதிகமாக ஹார்மோன் சுரப்பதால் வரும் குஷிங் நோய்க்குறி பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் புதிதாக வருகிறது. ஆகவே எடை கூடிய எல்லோரும் இதற்காகச் சோதனை செய்யத் தேவையில்லை. ஆனால் வந்தவர்களுக்கு நோய் இன்னதென்று தெரியவே சராசரியாக மூன்று வருடங்கள் போய்விடுகின்றன. அந்த மூன்று வருடங்களில் எலும்பும் இதயமும் ரத்தக் குழாய்களும் கெட்டுக்கொண்டே இருக்கும். யார் சோதிக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்தறிவதுதான் இங்கே முக்கியம்.

பிரித்தறிய வேண்டுமானால் கார்டிசால் என்ற ஹார்மோன் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி “சுர” என்று அதற்குக் கட்டளையிடுகிறது. விடியற்காலையில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும், அதுதான் நம்மை எழுப்பி நடமாட வைக்கிறது. நள்ளிரவில் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

கார்டிசால் ஆபத்துக் காலத்துக்கான ஹார்மோன். காய்ச்சலோ காயமோ பட்டினியோ வந்தால், தசையைக் கரைத்து அதிலுள்ள புரதத்தைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடும். இரண்டு நாளைக்கு இது உயிர் காக்கிற காரியம். இரண்டு வருடம் நிற்காமல் நடந்தால்? தொடையிலும் தோளிலும் தசை கரையும். தோலைத் தாங்கும் நார்ப்புரதம் கரைந்து தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தொட்டால் உடையும். எலும்பு பொரிந்து போகும். கூடவே பசியும் அதிகமாகி, வயிற்றிலும் முகத்திலும் பிடரியிலும் கொழுப்பு சேரும். கை கால் சூம்ப, நடு உடம்பு பருக்கும்.

சாதாரணமாகச் சாப்பாட்டால் எடை கூடுகிறவருக்கு இப்படி நடப்பதில்லை. கூடுதல் பாரத்தைத் தூக்கித் தூக்கி அவருடைய தொடைத் தசை பலப்படும். தோல் தடிமனாகவே இருக்கும். குஷிங் நோயில் எடை ஏறும்போதே உடம்பு எதையோ இழந்துகொண்டிருக்கிறது. எடை மிஷினில் நிற்கும்போது தெரியாத அந்த இழப்புதான் நம்பகமான அடையாளம்.

அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் வட்ட முகத்தைவிட வேறு சிலவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். வட்ட முகமும் தொப்பையும் பிபியும் சர்க்கரையும் நம் ஊரில் ஏராளமானவர்களுக்கு உண்டு. குத்துக்காலிட்டு எழ முடியாத தொடை, குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாத தோள், துணி காயப்போடக் கையை உயர்த்தினால் வரும் தளர்ச்சி ஆகியவை அவ்வளவு பொதுவல்ல. தோலில் வரும் கோடுகளிலும் வித்தியாசம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகோ எடை கூடியோ வரும் கோடுகள் மெல்லியதாக, நாள்பட்டால் வெளுத்துப் போகும். குஷிங் கோடுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, சிவப்பும் ஊதாவும் கலந்து, வயிறு, தொடை, அக்குள் பக்கத்தில் பள்ளமாக விழும். நம் நிறத் தோலில் முகச் சிவப்பும் கன்றல்களும் சட்டென்று தெரியாது. “முகம் கறுத்துப் போச்சு” என்றே பலர் சொல்வார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், வயிற்றையும் அக்குளையும் பார்த்தால்தான் பிடிபடும்.

வயதுக்குப் பொருந்தாத நோயும் ஒரு துப்பு. முப்பது வயதில் மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிபி, நாற்பது வயதில் இருமியதற்கே விலா எலும்பு விரிசல், திரும்பத் திரும்ப வரும் தேமலும் படர்தாமரையும், காரணம் தெரியாத தூக்கமின்மையும் அழுகையும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கும். எடையோடு சேர்ந்து இரண்டு மூன்று புதிதாக வந்து, மாதத்துக்கு மாதம் மோசமானால் சோதனை கேட்பது நியாயம்.

பிள்ளைகளிடம் அடையாளம் இன்னும் தெளிவாக இருக்கும். அதிகம் சாப்பிட்டுப் பருக்கிற குழந்தை பெரும்பாலும் தன் வயதுப் பிள்ளைகளைவிட உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டே போக உயரம் நின்றுவிட்டால் அது ஹார்மோன் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். போன வருட யூனிஃபார்ம் இடுப்பில் பிடிக்கிறது, ஆனால் கால் பக்கம் இன்னும் கணுக்காலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளையை அடுத்த லீவு வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி சோதனை. இங்கேதான் நம் கதையின் பெண்ணுக்கு இன்னொரு ஆறு மாதம் வீணாயிற்று. ஒரு ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 17 என்று வந்தது. பக்கத்திலேயே ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தார்கள். காலையில் எல்லோருக்குமே கார்டிசால் அதிகம்தான், குஷிங் நோயாளிக்கும் அதே அளவு இருக்கலாம். நோயில் முதலில் கெடுவது ஏறுவது அல்ல, இறங்குவது. நள்ளிரவில் தணிய வேண்டியது தணியாது, நிறுத்தச் சொன்னால் நிற்காது. ஆகவே காலை நேரத்து ஒற்றை கார்டிசால் அளவை வைத்து இந்த நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரியான முதல் சோதனைகள் மூன்று. அவருக்கு முதலில் செய்தது டெக்ஸாமெத்தசோன் சோதனை. இரவு 11 மணிக்கு அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அதாவது ஒரு மில்லிகிராம் விழுங்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று பிட்யூட்டரி நினைத்துக்கொண்டு கட்டளையை நிறுத்திவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தால் கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு 16 இருந்தது. சொன்ன சொல் கேட்காத ஒரு சுரப்பு உள்ளே நடக்கிறது என்று அதற்குப் பொருள்.

இரண்டாவது, இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் வாயில் ஒரு பஞ்சை வைத்து ஊற வைத்துக் கொடுக்கும் எச்சில் சோதனை. ஊசி இல்லை, வீட்டிலேயே எடுத்து மறுநாள் கொடுத்துவிடலாம். இரண்டு வெவ்வேறு இரவுகளில் எடுக்க வேண்டும். மூன்றாவது, 24 மணி நேரச் சிறுநீரை ஒரு துளி விடாமல் கேனில் பிடித்துக் கார்டிசால் அளப்பது. இதையும் இரண்டு தடவையாவது செய்வார்கள். இவற்றில் இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒரே பதிலைச் சொன்னால்தான் நோயை உறுதி செய்வது வழக்கம்.

சோதனை ஏமாற்றுகிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கார்டிசால் பொய்யாக ஏறித் தெரியும். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடுவதால் சோதனை தவறாகக் கெட்டது போல வரும். நைட் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு உடம்பின் கடிகாரமே மாறியிருக்கும், நள்ளிரவு எச்சிலை நம்ப முடியாது. தொண்டைக்காக அதிமதுரம் மெல்லும் பழக்கமும் புகையிலை போடும் பழக்கமும் எச்சில் கார்டிசாலை உயர்த்திக் காட்டும். கடும் மனச்சோர்வு, மதுப் பழக்கம், கட்டுக்கடங்காத சர்க்கரை, கர்ப்பம் இவற்றிலும் கார்டிசால் ஓரளவு ஏறும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எதையெல்லாம் சாப்பிடுகிறோம் என்று சோதனைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் மருத்துவர் ஏற்ற சோதனையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

கார்டிசால் அதிகம் என்று உறுதியான பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. ஸ்கேனை முதலில் எடுப்பது பெரிய தவறு. எந்த நோயும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலே பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். அதைக் குற்றவாளியாக நினைத்து ஆபரேஷன் வரை போய்விடலாம். முதலில் ரத்தத்தில் ஏசிடிஎச் பார்க்க வேண்டும். அது அடியோடு குறைந்திருந்தால் அட்ரீனல் தன்னிச்சையாகச் சுரக்கிறது, வயிற்றை ஸ்கேன் செய்யலாம். குறையாமல் இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கும். சில சமயம் நுரையீரல் போன்ற வேறிடத்தில் உள்ள கட்டியும் ஏசிடிஎச் சுரக்கும்.

நம் பெண்ணுக்கு ஏசிடிஎச் 52. மண்டை எம்ஆர்ஐயில் நாலு மில்லிமீட்டர் அளவில் ஒரு நிழல், உளுந்துப் பருப்பு அளவு. அது கட்டிதானா என்று ரேடியாலஜிஸ்டுக்கே சந்தேகம். ஆகவே தொடைச் சிரை வழியாக இரண்டு மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இடம் வரை கொண்டுபோய் அங்கேயும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். மூளைக்கு அருகில் எடுத்த ரத்தத்தில் ஏசிடிஎச் கையில் இருந்ததைவிடப் பல மடங்கு இருந்தது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே செய்யப்படும் இந்தச் சோதனைதான் சந்தேகத்தை முடித்துவைத்தது.

பிட்யூட்டரியில் இருக்கும் கட்டிதான் காரணம் என்று சொன்னவர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். 1912-இல் 23 வயதுப் பெண் ஒருவரை இதே உருவத்தோடு விவரித்தார். 1932-இல் இதேபோன்ற பன்னிரண்டு பேரின் விவரங்களைச் சேர்த்து வெளியிட்டார். ஸ்கேன் இல்லாத, கார்டிசாலை அளக்கத் தெரியாத காலம். அந்தக் காலத்திலேயே அவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மூக்கு வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை. மறுநாள் கார்டிசால் 1.1-க்கு இறங்கியது. மருத்துவர்களுக்கு அது நல்ல செய்தி, அவருக்கோ மிக மோசமான வாரம். உடம்பெல்லாம் வலி, குமட்டல், கையைத் தூக்க முடியாத அசதி. நோயை விட்டு வந்ததே தப்போ என்று அழுதார். இத்தனை நாள் கட்டி சுரந்ததால் நல்ல பிட்யூட்டரி தூங்கிப் போயிருந்தது. அது விழிக்கும் வரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். அவருக்கு விழிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. ஒரு வருடத்தில் எடை 60-க்கு வந்தது. பிபி மாத்திரை நின்றது. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. ஊதாக் கோடுகள் வெளுத்துவிட்டன, மறையவில்லை. இந்த நோய் சிலருக்குப் பல வருடங்கள் கழித்தும் திரும்பி வரும். அதனால் வருடா வருடம் சோதனைக்குப் போகிறார்.

இதுவரை சொன்னது அரிய நோய். அதே முகம், அதே ஊதாக் கோடு, அதே சூம்பிய கால்கள், ஆனால் அரிதே அல்லாத ஒரு காரணமும் இருக்கிறது: வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் ‘பக்க விளைவே இல்லாத மருந்து’ என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பது உண்டு. இரண்டே நாளில் வலி பறந்து, பசி நன்றாக எடுத்தால் சந்தேகப்பட வேண்டும். முகம் வெளுக்கப் பூசும் கிரீம்களிலும், படர்தாமரைக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகளிலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். இவர்களுக்குக் கார்டிசால் சோதித்தால் அதிகமாக இருக்காது. ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும். வெளியிலிருந்து வருவதால் சொந்தச் சுரப்பி மூடிக்கிடக்கும். குஷிங் உருவமும் காலியான கார்டிசாலும் ஒன்றாக இருந்தால், அவர் எதையோ சாப்பிடுகிறார் அல்லது பூசுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டுப் பொடியையோ மாத்திரையையோ இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடிக்கிடக்கும் சுரப்பி உடனே திறக்காது. திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிபி சரிந்து மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து வரும். மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைப்பார். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலரைக் கண்டும் பயப்பட வேண்டாம். அதில் வழக்கமான அளவுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வேறு சில அரிய கோளாறுகளிலும் எடை ஒரு துப்புதான். கணையத்தில் வரும் இன்சுலினோமா என்ற கட்டி நேரங்கெட்ட நேரத்தில் இன்சுலினைக் கொட்டும். சாப்பிடத் தாமதமானால் வேர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு. சர்க்கரைத் தண்ணீர் குடித்த சில நிமிடங்களில் தெளிவு. அந்த அவஸ்தைக்குப் பயந்தே அடிக்கடி சாப்பிட்டுச் சிலர் பருப்பார்கள். மயக்க நேரத்தில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதுதான் இதற்கு முதல் படி. இன்னொன்று, பசியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் அருகில் வரும் கட்டி. பிள்ளைக்குத் தலைவலியும் பக்கவாட்டுப் பார்வைக் குறைவும் இருந்து, எடையும் வேகமாக ஏறினால் கண் மருத்துவரும் மூளை ஸ்கேனும் காத்திருக்கக் கூடாது.

உங்களுக்கோ வீட்டிலுள்ள ஒருவருக்கோ இப்படிச் சந்தேகம் இருந்தால், ஹார்மோன் மருத்துவரிடம் போகும்போது இரண்டு பொருட்களை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, மூன்று வருடத்துக்கு முந்தைய கல்யாணத்திலோ திருவிழாவிலோ முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்த போட்டோ. தினமும் பார்க்கிற முகம் மாறியது வீட்டாருக்குத் தெரியாது, போட்டோவுக்கு அருகில் வைத்தால் மருத்துவருக்கு ஒரு நொடியில் தெரியும். மற்றொன்று, வீட்டில் சாப்பிடுகிற, பூசுகிற எல்லா மாத்திரை, பொடி, களிம்புகளும் போட்ட ஒரு பை. பெயர் ஒட்டாத பொட்டலத்தை வெட்கப்பட்டு வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.